5:3:2 என்பது 4:3:2 ஆனால், எண் மாறாத இருவருக்கு ஏன் பற்று வைக்க வேண்டும்?

ஆடிட்_உதவியாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்களிடம் வந்துள்ள ஒரு கோப்பில், அரிசி மண்டி நடத்தும் மூன்று சகோதரர்கள் இதுவரை 5:3:2 என்ற விகிதத்தில் இலாபம் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். மூத்தவருக்கு வயதாகி, மண்டிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதால், அக்டோபர் 1 முதல் 4:3:2 என்று மாற்றித் துணைப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். புதிதாக யாரும் சேரவில்லை, யாரும் விலகவும் இல்லை.

நற்பெயரின் மதிப்பு 18 லட்சம் ரூபாய் என்று மூவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். சராசரி ஆண்டு இலாபம் 9 லட்சம்; அதைப் போல இரண்டு மடங்கு. இந்த நற்பெயருக்காக இளைய சகோதரர்கள் இருவரின் மூலதனக் கணக்கிலும் பற்று வைக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னபோது, அவர்கள் எழுப்பிய கேள்வி இதுதான்: "அண்ணன் தன் ஐந்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டார். எனக்கு மூன்று மூன்றாகவே இருக்கிறது, தம்பிக்கு இரண்டு இரண்டாகவே இருக்கிறது. எங்களுக்கு எதுவும் கூடாதபோது நாங்கள் எதற்காகப் பணம் தர வேண்டும்?" அவர்களுக்குப் புரியும்படி இதை எப்படி விளக்குவது?

பிகாம்_இறுதியாண்டு

இது எளிய கணக்குதான் நண்பரே. மூத்தவர் தியாகம் செய்கிறார், மற்ற இருவரும் ஆதாயம் அடைகிறார்கள். ஆதாய விகிதம் 3:2 என்று வரும். எனவே 18 லட்சத்தை 3:2 என்று பிரித்து, இரண்டாமவருக்கு 10,80,000, இளையவருக்கு 7,20,000 பற்று வைத்து, மூத்தவருக்கு 18 லட்சம் முழுவதையும் வரவு வைக்க வேண்டும்.

பேரேடு_பெரியவர்

தம்பி சொன்ன 3:2 சரி. ஆனால் 18 லட்சம் முழுவதையும் மூத்தவருக்குக் கொடுத்துவிட்டால், அவர் மண்டியை விட்டே போய்விட்டார் என்று பொருளாகும். அப்படிப் போனாலும்கூட அவருக்குக் கிடைக்கக்கூடியது பாதியான 9 லட்சம்தான். இங்கே அவர் இன்னும் மிகப்பெரிய பங்குடைய கூட்டாளியாகவே இருக்கிறார்.

தொடங்கியவரின் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சகோதரர்களிடம் விகிதத்தைப் பற்றிப் பேசாமல் ரூபாயைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ஆண்டு இலாபம் அவர்கள் ஒப்புக்கொண்ட அதே 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஏற்பாட்டில் மூத்தவருக்கு 4,50,000, இரண்டாமவருக்கு 2,70,000, இளையவருக்கு 1,80,000 கிடைத்து வந்தது. புதிய ஏற்பாட்டில் மொத்தம் ஒன்பது பாகங்கள். ஒரு பாகம் ஒரு லட்சம். எனவே மூத்தவருக்கு 4,00,000, இரண்டாமவருக்கு 3,00,000, இளையவருக்கு 2,00,000. இரண்டாமவரின் மூன்று மூன்றாகவே இருந்தாலும், அது பத்தில் மூன்றாக இருந்து ஒன்பதில் மூன்றாகிவிட்டது. ஆண்டுதோறும் அவருக்கு 30,000 கூடுகிறது, இளையவருக்கு 20,000 கூடுகிறது, இரண்டும் சேர்ந்த 50,000 மூத்தவரிடமிருந்து போகிறது. மூத்தவர் விட்ட ஒரு பாகம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது இவர்கள் இருவரிடமும் 3:2 என்ற கணக்கில் வந்து சேர்ந்திருக்கிறது.

பின்னமாக எழுதினால், பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழிக்க வேண்டும். பத்துக்கும் ஒன்பதுக்கும் பொதுவான பகுதி 90. மூத்தவருக்கு 45/90 − 40/90, அதாவது 5/90 தியாகம். இரண்டாமவருக்கு 27/90 − 30/90, அதாவது 3/90 ஆதாயம். இளையவருக்கு 18/90 − 20/90, அதாவது 2/90 ஆதாயம். தியாகமும் ஆதாயமும் சரிக்குச் சரியாக நிற்கின்றன. நிற்கவில்லை என்றால் எங்கோ பகுதியைப் பொதுவாக்காமல் தொகுதியை மட்டும் கழித்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். 5−4, 3−3, 2−2 என்று கழித்தால் ஒருவர் இழந்திருப்பார், ஆனால் பெற்றவர் யாரும் இருக்க மாட்டார். உங்கள் கட்சிக்காரர்கள் செய்திருப்பது அந்தக் கழித்தலைத்தான்.

இனி நற்பெயர். 18 லட்சத்தில் 5/90 என்பது 1,00,000. இரண்டாமவர் மூலதனக் கணக்கில் 60,000 பற்று, இளையவர் மூலதனக் கணக்கில் 40,000 பற்று, மூத்தவர் மூலதனக் கணக்கில் 1,00,000 வரவு. மூத்தவர் ஆண்டுக்கு 50,000 விட்டுக்கொடுக்கிறார், நற்பெயரை இரண்டு ஆண்டு இலாபமாக மதிப்பிட்டிருக்கிறார்கள், ஆகவே ஒரு லட்சம். இதைச் சொன்னால் புரியாத வியாபாரி இருக்க மாட்டார்.

பிகாம்_இறுதியாண்டு

ஐயா, நன்றி. ஆனால் பாடத்தில் புதுக் கூட்டாளி கொண்டு வரும் நற்பெயரைத் தியாக விகிதத்தில்தானே நேரடியாகப் பிரிக்கிறோம்? அங்கே 5/90 போன்ற பின்னம் எதுவும் வருவதில்லையே.

பேரேடு_பெரியவர்

அங்கே புதியவர் கொண்டு வரும் தொகையே அவருடைய பங்குக்கு உரிய நற்பெயர்தான். மொத்த நற்பெயர் அல்ல. பின்னத்தால் பெருக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது, மிச்சமிருப்பது அதை யார் யாருக்கு என்று பிரிப்பது மட்டும். விகிதம் அந்தப் பிரிப்புக்குப் போதும். எவ்வளவு என்ற கேள்விக்கு விகிதம் விடை சொல்லாது, பங்கு மாற்றத்தின் பின்னம்தான் சொல்லும். நம் மூன்று சகோதரர்களின் கணக்கில் இழப்பவர் ஒருவரே என்பதால் "தியாக விகிதம்" என்று ஒன்றை எழுதவே முடியாது. ஒற்றை எண்ணுக்கு ஏது விகிதம்? ஆனாலும் 5/90 என்ற தியாகம் இருக்கவே இருக்கிறது.

கணக்குப்பதிவியல்_ஆசிரியை

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் எடுப்பவள். சேர்ப்பு என்றால் தியாக விகிதம், விலகல் என்றால் ஆதாய விகிதம் என்று மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்துக்கு வேர் என்று நினைக்கிறேன். சேர்ப்பிலேயேகூடப் பழைய கூட்டாளி ஒருவர் ஆதாயம் அடையலாம். இருவர் 3:2 என்று பகிர்ந்து வந்த நிறுவனத்தில் மூன்றாமவர் பத்தில் ஒரு பங்குக்குச் சேர்ந்து, புதிய விகிதம் 4:5:1 என்று ஆனால், முதல்வர் 2/10 இழக்கிறார். பழைய கூட்டாளியான இரண்டாமவர் 1/10 பெறுகிறார், புதியவரும் 1/10 பெறுகிறார். அப்போது புதியவரின் நற்பெயர்த் தொகை முழுவதும் முதல்வருக்குப் போக வேண்டும், அதோடு இரண்டாமவரும் அதே அளவு தொகையை முதல்வருக்குத் தர வேண்டும். இந்தக் கணக்கைத் தேர்வில் கொடுத்தால் பாதிப் பேர் புதியவரின் தொகையை இரு பழைய கூட்டாளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரியவர் சொன்ன ஒரு லட்சத்தைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. 18 லட்சத்தைப் பழைய விகிதத்தில் மூவருக்கும் வரவு வையுங்கள்: 9,00,000, 5,40,000, 3,60,000. பிறகு அதே 18 லட்சத்தைப் புதிய விகிதத்தில் மூவருக்கும் பற்று வையுங்கள்: 8,00,000, 6,00,000, 4,00,000. வித்தியாசம் மூத்தவருக்கு ஒரு லட்சம் வரவு, மற்றவர்களுக்கு 60,000, 40,000 பற்று. தியாகம், ஆதாயம் என்ற சொற்களே இல்லாமல் அதே விடை வந்துவிடுகிறது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே இப்படி நற்பெயரை ஏட்டில் ஏற்றி இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தானாக வளர்ந்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று கணக்கியல் தரநிலை 26 சொல்கிறது.

பின்னலாடை_பங்காளி

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். நானும் இரண்டு உறவினர்களும் சேர்ந்து பின்னலாடைத் தொழில் செய்கிறோம். மூலதனத்தில் பாதிக்கு மேல் என்னுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சமபங்காக இருந்ததை 2:2:1 என்று மாற்றினோம். அந்த ஒன்று என் மாமாவுடையது. நற்பெயரைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. இப்போது மாமாவின் பிள்ளைகள், அவர் தியாகம் செய்ததற்கு எதுவும் தரப்படவில்லை என்கிறார்கள். அதிக மூலதனம் போட்டவன் நான் என்னும்போது, தியாகம் செய்திருப்பவன் நான்தானே?

பேரேடு_பெரியவர்

இல்லை ஐயா. தியாகம், ஆதாயம் இரண்டும் இலாபப் பகிர்வு விகிதத்தின் மாற்றத்தை மட்டுமே பார்த்துக் கணக்கிடப்படுபவை. மூலதனம் எவ்வளவு என்பது அதில் நுழைவதே இல்லை. அதிக மூலதனத்துக்கு ஈடு வேண்டுமானால் பத்திரத்தில் மூலதனத்தின் மீது வட்டி என்று எழுதிக்கொள்ள வேண்டும். அது வேறு கணக்கு.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முன்பு ஒவ்வொருவருக்கும் 1/3, அதாவது 5/15. இப்போது உங்களுக்கும் இன்னொருவருக்கும் 2/5, அதாவது 6/15, மாமாவுக்கு 3/15. நீங்கள் இருவரும் தலைக்கு 1/15 பெற்றிருக்கிறீர்கள், மாமா 2/15 இழந்திருக்கிறார். பிள்ளைகள் சொல்வதில் கணக்களவில் பிழை இல்லை. அவர்களுக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்பது அன்றைக்கு எழுதிய பத்திரத்தைப் படிக்காமல் சொல்லக்கூடியது அல்ல.

பின்னலாடை_பங்காளி

பத்திரத்தில் "மற்ற நிபந்தனைகள் முன்போலவே தொடரும்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மாமா மனமுவந்துதான் கையெழுத்திட்டார்.

கணக்குப்பதிவியல்_ஆசிரியை

மனமுவந்து கையெழுத்திட்டது விகித மாற்றத்துக்கு. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி கூட்டாளிகள் எல்லோரும் இசைந்தால் தங்களுக்குள் உள்ள ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளலாம், அதில் ஐயமில்லை. நற்பெயரை விட்டுக்கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. "நற்பெயருக்காக எவரும் எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இன்று இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. எழுதாத மௌனத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், கொள்ளக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் குடும்பத்துக்குள் ஒரு தொகையைப் பேசி முடிப்பது நல்லது.

பேரேடு_பெரியவர்

அம்மா சொன்னதில் எனக்குச் சற்று மாறுபாடு உண்டு. மூன்று ஆண்டுகளாக 2:2:1 என்ற விகிதத்தில் கணக்கு முடித்து, மாமாவும் ஆண்டுதோறும் கையெழுத்திட்டிருந்தால், விட்டுக்கொடுத்ததாகக் கொள்வதற்கான பக்கமே கனமானது. ஆனால் அது என் கருத்து, தீர்ப்பல்ல. மண்டி விஷயத்துக்குத் திரும்புவோம்.

தொடங்கியவரே, அந்த மண்டியின் இருப்புநிலைக் குறிப்பில் பொதுக் காப்பு ஏதாவது நிற்கிறதா? நற்பெயரை மட்டும் சரிசெய்துவிட்டு, காப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதுதான் நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கும் பிழை.

ஆடிட்_உதவியாளர்

மிக்க நன்றி ஐயா. ரூபாய்க் கணக்காகச் சொன்னதும் இரண்டாமவர் உடனே ஒப்புக்கொண்டார். பொதுக் காப்பு 4,50,000 இருக்கிறது. அதோடு மண்டிக்குச் சொந்தமான கிடங்கு மனை ஒன்று 6 லட்சம் என்று ஏட்டில் இருக்கிறது, இன்றைய விலை 15 லட்சம் என்று மூத்தவர் சொல்கிறார். ஏட்டில் எந்த எண்ணும் மாறாமல் இருப்பதையே அவர்கள் விரும்புகிறார்கள், ஏனென்றால் வங்கியில் கடன் வரம்புக்கு இதே இருப்புநிலைக் குறிப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பேரேடு_பெரியவர்

அப்படியானால் கவனமாகச் செய்ய வேண்டும். இந்தக் காப்பு பழைய விகிதம் நடப்பில் இருந்த காலத்து இலாபம். அதை அப்போதே பிரித்திருந்தால் மூத்தவருக்கு 2,25,000 போயிருக்கும். பிரிக்காமல் விட்டு, நாளைக்குப் புதிய விகிதத்தில் பிரித்தால் அவருக்கு 2,00,000தான் வரும். அந்த 25,000 வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: 4,50,000இல் 5/90. மனையின் 9 லட்ச ஏற்றமும் இப்படியே. நாளைக்கு விற்றால் மூத்தவருக்கு 50,000 குறையும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. காப்பைப் பழைய விகிதத்தில் மூலதனக் கணக்குகளுக்கு மாற்றி, மனையை மறுமதிப்பீடு செய்து, அந்த ஏற்றத்தையும் பழைய விகிதத்தில் பிரித்துவிட்டு, நற்பெயருக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பதிவைப் போடுவது முதல் வழி. ஏட்டில் எதையும் தொடாமல், நற்பெயர் 18 லட்சம், காப்பு 4,50,000, மனை ஏற்றம் 9 லட்சம் மூன்றையும் கூட்டி, 31,50,000இல் 5/90 ஆகிய 1,75,000 ரூபாயை மூத்தவருக்கு வரவு வைத்து, இரண்டாமவருக்கு 1,05,000, இளையவருக்கு 70,000 பற்று வைப்பது இரண்டாம் வழி. உங்கள் கட்சிக்காரர்கள் கேட்பது இரண்டாவது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்: காப்பைப் பிரித்தும் விட்டு, அதையே மொத்தத்தில் கூட்டியும் பதிவு போட்டால், மூத்தவருக்கு ஒரே 25,000 இரண்டு முறை போய்விடும். காப்பு ஏட்டில் நின்றால் அது கூட்டுத்தொகையில் இருக்க வேண்டும், நிற்காவிட்டால் இருக்கக் கூடாது. இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மறுமதிப்பீட்டில் இழப்பு இருந்தாலும், ஏட்டில் பிரிக்கப்படாத நட்டம் இருந்தாலும் கூட்டுத்தொகையிலிருந்து கழித்துவிடுங்கள்.

கணக்குப்பதிவியல்_ஆசிரியை

மூலதனம் நிலையானது என்று பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் இந்தப் பதிவு நடப்புக் கணக்குகள் வழியாகப் போக வேண்டும் என்பது என் கருத்து. நிலையான மூலதனத்தில் கை வைக்கக் கூடாது.

பேரேடு_பெரியவர்

காப்பைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், அது இலாபம்தான். நற்பெயரை நான் மூலதனக் கணக்கிலேயே வைப்பேன், ஏனென்றால் பங்கை விற்று வாங்கும் பேரம் அது, ஆண்டுக் கணக்கின் செலவு வரவு அல்ல. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிகிறது அம்மா. எதைச் செய்தாலும் துணைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும்.

பின்னலாடை_பங்காளி

வருமான வரி ஏதும் வருமா? என் மாமாவுக்கு இப்போது ஒரு தொகை கொடுத்தால் என்ன ஆகும்?

பேரேடு_பெரியவர்

மண்டியில் நடப்பது ஏட்டுக்குள் ஒரு மூலதனக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பதிவு. நிறுவனத்தின் பணமோ சொத்தோ யார் கைக்கும் போகவில்லை. ஆனால் 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம், எல்லாக் கூட்டாளிகளும் தொடர்ந்து பங்கு மட்டும் மாறுவதையும் நிறுவன மறுசீரமைப்பில் சேர்த்திருக்கிறது. அந்த மாற்றத்தை ஒட்டி நிறுவனம் ஒரு கூட்டாளிக்குச் சொத்தோ பணமோ கொடுத்தால் நிறுவனத்துக்கு வரிப் பொறுப்பு எழலாம். எனவே உங்கள் மாமாவுக்குத் தொகை தருவது யார், நிறுவனமா அல்லது நீங்கள் இருவர் சொந்தப் பணத்திலா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள்.

பிகாம்_இறுதியாண்டு

ஐயா, மாற்றம் அக்டோபர் 1 முதல் என்றார்கள். இந்த ஆண்டு இலாபத்தில் பாதி பழைய விகிதத்திலும் பாதி புதிய விகிதத்திலும் பிரிக்கப்பட வேண்டும், சரிதானே?

பேரேடு_பெரியவர்

செப்டம்பர் 30 வரைக்கும் உள்ள இலாபம் பழைய விகிதத்தில், அதற்குப் பிந்தியது புதிய விகிதத்தில் என்பது சரி. பாதி பாதி என்பதுதான் இடறும் இடம். நெல் அரிசி வியாபாரத்தில் எல்லா மாதமும் ஒன்றல்ல. சம்பா வரத்து தை, மாசியில்தான் குவியும், அந்த வியாபாரம் முழுவதும் பின்பாதியில் விழுகிறது. ஆறு மாதம், ஆறு மாதம் என்று பிரித்தால் பின்பாதியின் இலாபத்தில் ஒரு பகுதி முன்பாதிக்கு நகர்ந்து, மூத்தவருக்குப் பாதிப் பங்காகப் போகும். விற்பனை அளவை வைத்துப் பிரித்தால் இளையவர்களுக்குச் சாதகம். சரியான வழி, செப்டம்பர் 30 அன்று சரக்கை எண்ணி இடைக்காலக் கணக்கு முடிப்பதுதான். எண்ணியிருக்கிறார்களா?

ஆடிட்_உதவியாளர்

எண்ணவில்லை ஐயா. மார்ச் 31 அன்றுதான் எண்ணுவார்கள். விற்பனைப் பட்டியல்களும் கொள்முதல் பட்டியல்களும் மாதவாரியாக இருக்கின்றன, கிடங்குப் பதிவேடும் இருக்கிறது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட முயல்கிறேன்.

இன்னொரு செய்தி. 1,75,000 கணக்கை எழுதிக் காட்டினேன். நற்பெயரிலும் காப்பிலும் யாருக்கும் மறுப்பில்லை. மனை 15 லட்சம் பெறாது, 12 லட்சம்தான் பெறும் என்று இளையவர் சொல்கிறார்.

பேரேடு_பெரியவர்

அவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆதாயம் அடைபவருக்கு மதிப்பு குறைந்தால் பற்றும் குறையும். ஆனால் எவ்வளவு தொகைக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். 3 லட்ச வித்தியாசத்தில் 5/90 என்பது 16,667 ரூபாய். இளையவருக்கு அதில் 6,667. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்தால் அவருடைய கட்டணமும் இருக்கிறது. அரசு வழிகாட்டி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், அது பத்திரப் பதிவுக்கான அளவுகோல். சந்தை விலை அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம்.

ஆடிட்_உதவியாளர்

மூவரையும் வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மனையை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, "விற்கும்போது இன்றைய மதிப்பு வரையிலான ஏற்றம் பழைய விகிதத்தில் பிரிக்கப்படும்" என்று பத்திரத்தில் எழுதலாமா என்று எங்கள் ஆடிட்டர் கேட்கிறார்.

கணக்குப்பதிவியல்_ஆசிரியை

எழுதலாம். ஆனால் "இன்றைய மதிப்பு" எவ்வளவு என்பதை அந்த வரியில் ரூபாயாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அப்படியென்றால் 12 லட்சமா 15 லட்சமா என்பதை வியாழக்கிழமையே முடிவு செய்தாக வேண்டியிருக்கும்.